கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருபவர்கள் முன்பெல்லாம் மருத்துவமனை பில்லையும் கல்லூரிக் கட்டணச் சீட்டையும்தான் கொண்டு வருவார்கள். இப்போது வக்கீல் நோட்டீஸும் கோர்ட் சம்மனும் வருகின்றன. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான். வாங்கிய கடனுக்காகக் கொடுத்த செக், பணம் இல்லாமல் வங்கியிலிருந்து திரும்பியிருக்கும். கொண்டு வருபவர் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றுதான்: "பாய், போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுமா?"

அந்தக் கேள்விக்கான பதிலில் இருந்தே தொடங்குவோம். செக் திரும்பிய மறுநாள் போலீஸ் வராது. இது போலீஸ் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டுத் தொடங்கும் வழக்கு அல்ல. பணம் வர வேண்டியவரே குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் மனு போட வேண்டும். அதற்கு முன்னால் அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, பணம் கட்ட அவகாசம் தர வேண்டும். "நாளைக்கே உன்னை உள்ளே தள்ளுகிறேன்" என்று போனில் மிரட்டுபவர், ஒன்று சட்டம் தெரியாதவர், அல்லது நமக்குத் தெரியாது என்று நினைப்பவர். ஆனால் சம்மன் வந்த பிறகும் நாம் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தால் நீதிபதி பிடியாணை பிறப்பிப்பார். அப்போது போலீஸ் வீட்டு வாசலுக்கு வரும். அது செக் திரும்பியதற்காக வருவதல்ல, நாம் ஆஜராகாததற்காக வருவது. இந்த வித்தியாசம் பல பேருக்குத் தெரிவதில்லை.

சட்டம் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். அதில் 138-ஆம் பிரிவு 1988-இல் சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு செக் திரும்பினால் பொதுவாக சிவில் வழக்குதான். இன்று அது குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். துபாயிலிருந்து வரும் சகோதரர்கள் சிலர் "இப்பல்லாம் செக் பவுன்ஸுக்கு கேஸ் கிடையாது" என்கிறார்கள். அங்கே 2022 ஜனவரியிலிருந்து சட்டம் மாறியது உண்மை, கணக்கில் பணம் இல்லாமல் திரும்புவது பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை. அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே அப்படி இல்லை.

இனி ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். நம் அலுவலகத்துக்கு வந்த விஷயம்தான். ஆளும் ஊரும் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறோம். யாரும் அக்கம்பக்கத்தில் ஆளைத் தேட வேண்டாம்.

சகோதரர் ஒருவர் சின்னதாக ரெடிமேட் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். நோன்புப் பெருநாள் சரக்கு எடுக்கத் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் 3 லட்சம் ரூபாய் கைமாற்றாக வாங்கினார். வட்டி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். எழுத்தும் இல்லை. கொடுத்தவர், "ஒரு நம்பிக்கைக்கு ஒரு செக் இருக்கட்டும்" என்றார். இவரும் கையெழுத்து மட்டும் போட்டு, தேதி, பெயர், தொகை எதையும் எழுதாமல் ஒரு செக் இலையைக் கிழித்துக் கொடுத்தார். செக் புத்தகத்தின் அடிக்கட்டையில்கூட எதுவும் குறிக்கவில்லை.

அடுத்த பதினாலு மாதத்தில் இவர் நேர்மையாகவே திருப்பிக் கட்டினார். போன் வழியாக 20,000 வீதம் ஆறு தடவை அனுப்பினார், ஆக 1,20,000. கடைக்கே வந்து வாங்கிப் போனபோது ரொக்கமாக இரண்டு தடவை 30,000 கொடுத்தார், ஆக 60,000. மொத்தம் 1,80,000. பாக்கி 1,20,000. அதற்குள் வேறொரு சரக்கு விஷயத்தில் இருவருக்கும் மனஸ்தாபம். கொடுத்தவர் கையிலிருந்த செக்கை எடுத்து, தொகை 3,00,000 என்று எழுதி, ஜூன் 2 என்று தேதி போட்டு, ஜூன் 5 அன்று தன் வங்கியில் போட்டார். கணக்கில் இருந்தது ஆறாயிரமோ ஏழாயிரமோ. செக் அன்றே திரும்பியது. "போதிய பணம் இல்லை" என்ற ரிட்டர்ன் மெமோ மறுநாள் ஜூன் 6 அன்று அவர் கைக்கு வந்தது.

நம் சகோதரருக்கும் வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. ஏதோ பிடித்தம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நாட்களைக் கவனியுங்கள், வழக்கே நாட்களில்தான் நடக்கிறது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், இவருக்கு அது ஜூலை 6 வரை. அவர் ஜூன் 20-ஆம் தேதியே வக்கீல் மூலம் அனுப்பிவிட்டார். நோட்டீஸ் நம் கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த 15 நாட்கள் நமக்கு அவகாசம். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றமே ஏற்படுவதில்லை. செக் திரும்பியது மட்டும் குற்றம் அல்ல, நோட்டீஸ் வந்தும் 15 நாளில் கட்டாததுதான் அதைக் குற்றமாக்குகிறது.

தபால்காரர் ஜூன் 23 அன்று வீட்டுக்கு வந்தார். சகோதரர் கடையில். வீட்டில் இருந்த அத்தா உறையில் வக்கீல் பெயரைப் பார்த்ததும், "வாங்கினால்தானே கேஸ்? வேண்டாம், திருப்பி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். மகன் மேல் உள்ள பாசத்தில் செய்தது. ஆனால் உறையின் மேல் "வாங்க மறுத்தார்" என்று எழுதித் திரும்பிய தபால், சட்டத்தின் பார்வையில் கொடுக்கப்பட்ட தபால்தான். சரியான முகவரிக்குப் போன தபால் சேர்ந்துவிட்டது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்றால் நாம்தான் காட்ட வேண்டும். ஆக 15 நாள் அவகாசம் ஜூன் 24 அன்று ஓடத் தொடங்கி ஜூலை 8 அன்று முடிந்தது. நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்றே இவருக்குத் தெரியாது. ஜூலை 9 முதல் ஒரு மாதத்துக்குள், அதாவது ஆகஸ்ட் 9-க்குள் அவர் நீதிமன்றம் போகலாம். ஆகஸ்ட் 4 அன்று போனார். நவம்பரில் சம்மன் வந்தது. அப்போதுதான் அத்தாவும் மகனும் சேர்ந்து நம் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

சகோதரர் சொன்ன முதல் வார்த்தை: "நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். தொகை என் கையெழுத்தே இல்லை. எழுத்து நிபுணரிடம் அனுப்பினால் தெரிந்துவிடும்." இதை நாங்கள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறோம். இது எடுபடாது. வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டு நாமே மனமறிந்து கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் பீர் சிங் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. யார் எழுதினார்கள் என்பது கேள்வி இல்லை, கையெழுத்து நம்முடையதா என்பதுதான் கேள்வி. நம்முடையது என்றால், கடனுக்காகத்தான் அந்தச் செக் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். மற்ற குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டியவர் நிரூபிக்க வேண்டும். இங்கே, அவ்வளவு கடன் இல்லை என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு நம் தலையில் வந்து விழுகிறது.

காட்டவே முடியாது என்று இல்லை. அதற்குக் காகிதம் வேண்டும். போன் வழியாக அனுப்பிய 1,20,000-க்கு வங்கிக் கணக்குத்தாளில் ஆறு வரிகள் இருந்தன. நாம் பார்க்கச் சொன்ன வக்கீல் அதைப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தார். செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்து, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால், வங்கியில் போட்ட அன்று அவ்வளவு கடன் இல்லை, அதனால் 138 பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அந்த ஆறு வரிகள் இவருக்குப் பெரிய பலம்.

ரொக்கம் 60,000 என்ன ஆனது? இவர் தன் கடை டைரியில் எழுதி வைத்திருந்தார். தானே தனக்கு எழுதிய எழுத்துக்கு மதிப்புக் குறைவு. போனைத் துழாவியதில் ஒரு தடவை வாங்கிய பிறகு அவர் "முப்பது வந்தது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி கிடைத்தது. இன்னொரு 30,000-க்கு அதுவும் இல்லை. வாங்கியவர் மறந்துவிட்டாரா, மறைத்தாரா என்று நாம் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். அது அல்லாஹ்வுக்கும் அவருக்கும் உள்ளது. ஆனால் ஒரு வரி எழுதி வாங்காததன் விலை 30,000.

இவ்வளவு பலம் இருந்தும் வழக்கை நடத்தி ஜெயிக்கலாமே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். வழக்கில் ஜெயிப்பது வேறு, கடன் தீர்வது வேறு. 138-இல் விடுதலை ஆனாலும் பாக்கிக் கடன் கடன்தான், அதற்கு அவர் காலக்கெடுவுக்குள் தனியே சிவில் வழக்குப் போடலாம். நம் மார்க்கத்தில் கோர்ட் தள்ளுபடி செய்ததால் கடன் மன்னிக்கப்படுவதில்லை, இறந்தவரின் சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன்பே அடைக்க வேண்டிய அளவுக்குக் கனமானது அது. இன்னொன்று, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்ல நீதிபதிக்கு 2018 முதல் அதிகாரம் இருக்கிறது. 3 லட்சத்துக்கு அது 60,000 வரை போகலாம். தண்டனை ஆகி மேல்முறையீடு போனால், அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். வாய்தாவுக்கு வாய்தா கடையை மூடிவிட்டுப் போவது தனிச் செலவு.

வெளிநாடு போகும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். கோர்ட்டில் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் எடுக்கவோ புதுப்பிக்கவோ போனால் அதை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும், நீதிமன்ற அனுமதியும் வாங்க வேண்டி வரும். மறைத்தால் அது இன்னொரு குற்றம்.

ஆகவே பேசித் தீர்க்க முடிவானது. இந்தக் குற்றம் சமரசம் செய்துகொள்ளக்கூடியது என்று சட்டமே சொல்கிறது, எந்தக் கட்டத்திலும் செய்யலாம். ஆனால் தாமதமாகத் தாமதமாகக் கூடுதல் செலவுத் தொகை கட்டச் சொல்வார்கள், முதல் வாய்தாக்களிலேயே முடிப்பதுதான் லாபம். இரு தரப்புப் பெரியவர்களும் அமர்ந்து பேசியதில், எழுத்து உள்ள 30,000-ஐ அவர் ஒப்புக்கொண்டார், எழுத்து இல்லாத 30,000-ஐ ஒப்புக்கொள்ளவில்லை. பாக்கி 1,50,000, அவருடைய வக்கீல் செலவுக்கு 10,000. இவர் மச்சான் ஒரு லட்சம் கொடுத்தார். நம் பைத்துல்மாலிலிருந்து 50,000 வட்டியில்லாக் கடன். மிச்சம் பத்தாயிரம் கடையிலிருந்து. வாங்கிய 3 லட்சத்துக்கு இவர் கொடுத்தது மொத்தம் 3,40,000.

இதில் ஜமாஅத் பெரியவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். பள்ளிவாசல் வராந்தாவில் பேசி, ஸலவாத்து ஓதி, முஸாபஹா செய்து பிரிந்துவிட்டால் வழக்கு முடிந்துவிடாது. பணம் கைமாறி எட்டு மாதம் கழித்து "பிடியாணை வந்திருக்கிறது" என்று ஓடி வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பேச்சு முடிந்தது என்று கோர்ட்டுக்கு யாரும் சொல்லவில்லை. புகார் கொடுத்தவர் நீதிமன்றத்தில் சமரசத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி அதைப் பதிவு செய்து உத்தரவு போட வேண்டும். அதுவரை நாம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராகத்தான் வேண்டும். இந்தச் சகோதரர் விஷயத்தில் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்தோம். அங்கே தரும் தீர்வு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி டி.டி.யாகக் கொடுத்தோம். தீர்வுத்தாளில் செக் எண், வழக்கு எண், "இனிப் பாக்கி ஏதும் இல்லை" என்ற வரி மூன்றையும் எழுதச் சொன்னோம்.

சரி, அத்தா அந்தத் தபாலை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூன் 23 அன்றே கணக்குத்தாளோடு வந்திருப்பார்கள். 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் நோட்டீஸ் போயிருக்கும்: "இன்ன தேதிகளில் இவ்வளவு கட்டியிருக்கிறேன், உண்மையான பாக்கி 1,20,000, அதை இன்று உங்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டேன்" என்று. அந்தப் பதிலும் அந்தப் பணமும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வழக்கே வந்திருக்காது. வந்திருந்தாலும் நிற்பது கஷ்டம். முழுப் பாக்கியையும் புரட்ட முடியாவிட்டால்கூடப் பதில் அனுப்பாமல் இருக்கக் கூடாது. அன்று சொல்லாததைப் பின்னாளில் கோர்ட்டில் சொன்னால், "இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும். நோட்டீஸே தன் கைக்கு வரவில்லை என்பவருக்கு ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது: சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகை முழுவதையும் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். ஆனால் அதற்கு முழுத் தொகை வேண்டும். நம் சகோதரரிடம் 3 லட்சம் இல்லை, அவர் 3 லட்சம் கடன்படவும் இல்லை.

நோட்டீஸ் வந்ததும் தப்பிக்க நினைத்துச் சிலர் செய்வது இரண்டு. ஒன்று, வங்கிக்குப் போய் "ஸ்டாப் பேமெண்ட்" கொடுப்பது. இன்னொன்று, கணக்கையே மூடிவிடுவது. கடன் இருக்கும்போது இவை இரண்டும் காப்பாற்றாது. நிறுத்தச் சொன்னதால் திரும்பிய செக்கும், கணக்கு மூடப்பட்டதால் திரும்பிய செக்கும் 138-க்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தொண்ணூறுகளிலேயே சொல்லிவிட்டது. வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போடும் கெட்டிக்காரர்களுக்கும் இதே நிலைதான்.

இனி சகோதரிகளுக்கு. கணவர் சவூதியிலோ குவைத்திலோ இருப்பார். வீடு கட்டவோ, கொழுந்தனாரின் கடைக்கோ கடன் வாங்கும்போது, "அவர் ஊரில் இல்லை, உங்க அக்கவுண்ட் செக்கில் ஒரு கையெழுத்துப் போடுங்க தங்கச்சி" என்பார்கள். பணத்தை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் வழக்கு வந்தால் கோர்ட் கூண்டில் நிற்பது செக்கில் கையெழுத்துப் போட்டவர்தான். இன்னொருவர் கடனுக்கு ஜாமீனாக உங்கள் செக்கைக் கொடுத்தாலும் இதே கதிதான், "கடன் என்னுடையது இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. கூட்டுக் கணக்காக இருந்தால், கையெழுத்துப் போடாத மற்றவர் மேல் வழக்கு இல்லை. அண்ணன் கேட்டாலும், மச்சான் கேட்டாலும், கணவர் போனில் சொன்னாலும், தேதியும் தொகையும் எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுப்பது மரியாதைக் குறைவு என்று தோன்றினால், "அறக்கட்டளையில் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

செக்கே கொடுக்காமல் கடன் கிடைக்காது என்ற நிலையில் என்ன செய்வது? கொடுங்கள், ஆனால் நிரப்பிக் கொடுங்கள். 3 லட்சத்துக்கு ஒரே செக் கொடுப்பதை விட, மாதத் தவணைக்கு 25,000 வீதம் பன்னிரண்டு செக் கொடுப்பது மேல். ஒன்று திரும்பினாலும் வழக்கு 25,000-க்குத்தான். ஒவ்வொன்றிலும் பெயர், தொகை, தேதி எழுதி, இரண்டு கோடு போட்டு "அக்கவுண்ட் பேயி" என்று எழுதுங்கள். தேதியை உங்கள் வசதிக்கு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் 5-ஆம் தேதி வரும் என்றால் செக் தேதி 12 ஆக இருக்கட்டும். முன்பு செக் போட்டால் பணம் போக ஒரு நாள், இரண்டு நாள் ஆகும், அதற்குள் புரட்டிக் கட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. 2025 அக்டோபர் 4 முதல் காலையில் போட்ட செக்கை அன்றே வாங்கும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்துவிட்டது. செக் தேதிக்கு முதல் நாளே பணம் கணக்கில் இருக்க வேண்டும்.

செக் கொடுக்கும்போது கூடவே அரைப் பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: கடன் தொகை, தேதி, கொடுத்த செக்குகளின் எண்கள், எதற்காகக் கொடுத்தது. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282-ஆவது. நம்மில் பலர் அதை ஓதுகிறோம், "எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பாரே" என்று தயங்கவும் செய்கிறோம். எழுதச் சொன்னவன் யார் என்று பாருங்கள்.

திருப்பிக் கட்டுவதை முடிந்தவரை வங்கி வழியாகக் கட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அங்கேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் சரி. பாதி கட்டியதும் பழைய செக்கை வாங்கிக் கிழித்துவிட்டு, மீதிக்குப் புதுச் செக் கொடுங்கள். கடன் தீர்ந்த அன்றே செக் கைக்கு வந்தாக வேண்டும். "வீட்டில் எங்கேயோ இருக்கு, தேடித் தர்றேன்" என்றால், "செக் எண் இன்னது, கடன் தீர்ந்துவிட்டது, செக் இனிச் செல்லாது" என்று எழுதி வாங்குங்கள், அதை வைத்து அந்தச் செக்கை நிறுத்தச் சொல்லி வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். கடன் தீர்ந்த பிறகு நிறுத்துவது நியாயமானது.

தவணை நாளில் பணம் வரவில்லை என்று முன்பே தெரிந்தால், செக் தேதிக்கு முன்னால் கடன் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். அதை மெசேஜாகவும் அனுப்புங்கள். கொடுத்தவர் நல்லவராக இருந்தால் பத்து நாள் பொறுப்பார். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் வசனமும் அதே சூராவில்தான் இருக்கிறது. வங்கிக் கடனுக்கும் ஃபைனான்ஸ் வண்டிக்கும் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் முறை இருக்கிறதே, அது திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தில் இதே தண்டனை இருக்கிறது. செக் இல்லை என்பதால் கவலை இல்லை என்று இருக்க வேண்டாம்.

கடன் கொடுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் வெற்று செக் அமானத். பாக்கி ஒரு லட்சம் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் எழுதினாலும் அது மோசடி, வழக்கிலும் உங்களுக்கே அது கேடாக முடியும். வட்டியையும் கூட்டி எழுதுபவர்களைப் பற்றி நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, அப்படிப்பட்டவரிடம் சிக்கியவர்கள் பயப்படாமல் வாருங்கள், அது வேறு வழியில் போக வேண்டிய விஷயம்.

நம் பைத்துல்மாலில் கடன் வாங்குபவர்களிடம் வெற்று செக் வாங்குவதில்லை. தவணைக்குத் தவணை நிரப்பிய செக், ஒரு ஒப்பந்தத் தாள், கட்டிய ஒவ்வொரு தடவைக்கும் ரசீது, கடைசித் தவணை அன்று எல்லாக் காகிதமும் திரும்பக் கையில். அந்த ஒப்பந்தத் தாளின் மாதிரி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வெளியில் கடன் வாங்குபவர்களும் வந்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டீஸ் வந்தால் வாங்குங்கள். வந்த தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வங்கிக் கணக்குத்தாளும் போனில் உள்ள மெசேஜ்களும் சேர்த்து அன்று மஃரிபுக்குப் பிறகே நம் அலுவலகத்துக்கு வாருங்கள், வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். வக்கீலுக்கு வசதி இல்லாதவர்களுக்குத் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் இலவச வக்கீல் ஏற்பாடு செய்கிறார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.